ஐம்பத்திரண்டாவது யூனிட்

நாற்பத்தேழாவது வயதில் நான் ஸ்கூட்டர் ஓட்டப் பழகினேன். அதுவும் மின்சார ஸ்கூட்டர். அதற்கு முந்தைய பதினாறு வருடமும் திருநகரிலிருந்து ஒரு பஸ், பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கி இன்னொரு பஸ் என்று சமயநல்லூர்ப் பக்கம் இருக்கும் கல்லூரி அலுவலகத்துக்குப் போய் வந்தேன். காலையில் நிற்க இடம் கிடைக்காது, மாலையில் பஸ்ஸே கிடைக்காது. ஸ்கூட்டர் வந்த முதல் நாள் நாற்பது கிலோமீட்டர் ஓட்டி வீடு திரும்பியபோது மணி ஐந்தே முக்கால். வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்துவிட்டோம் என்ற சந்தோஷத்தில் வண்டியை விட்டு இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

வண்டி என் சொந்தச் சம்பளத்தில் வாங்கியது. ஆனால் அதற்குக் கரண்ட் கொடுப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. எங்களுடையது பன்னிரண்டு வீடு கொண்ட அடுக்குமாடி. நான் மூன்றாவது மாடி. பேட்டரியைக் கழற்றி மேலே தூக்கிப்போக முடியாத வண்டி. கீழே பார்க்கிங்கில் சார்ஜ் போட ஒரு பாயிண்ட் வேண்டும் என்றால் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் சம்மதிக்க வேண்டும். அவர் தரைத்தளத்து வீட்டுக்காரர். பஸ் டிப்போ ஒன்றில் டீசல் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டுக் கேட்டே தலை நரைத்த மனிதர்.

வண்டி சார்ஜ் போடுவதற்கென்று சங்கத்தின் பெயரில் இரண்டு பிளக்கோடு தனி இணைப்பு வாங்கினோம். அந்த மீட்டருக்கு இரண்டு விலை. இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை ஓடும் யூனிட்டுக்கு ஆறு ரூபாய். மீதி நேரத்தில் ஓடும் யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய். மீட்டரே மணி பார்த்து இரண்டையும் தனித்தனி எண்ணாகக் குறித்துக்கொள்ளும். பட்டனை அழுத்தினால் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டும்.

இரண்டு விலை என்றதும் செயலாளருக்குத் தலை சுற்றிவிட்டது.

"இந்தாம்மா, ரெண்டு ரேட்டெல்லாம் எனக்கு ஒத்து வராது. நீ யூனிட்டுக்கு ஏழு ரூபா சங்கத்துக்குக் குடுத்துரு. பில்ல சங்கம் கட்டிரும். மொத ரெண்டு மாசம் பாப்போம். நீ குடுக்குறதுக்கு மேல ஒத்த ரூபா பில்லு வந்துச்சுன்னாலும் பாயிண்டப் பிடுங்கிருவேன். மத்த பதினோரு வீடும் ஒனக்குத் தெண்டம் கட்ட முடியாதுல்ல?"

"சரிண்ணே" என்றேன், வீராப்பாக. நிலைக்கட்டணத்தை நானே தனியாகக் கட்டிவிடுவதாகவும் ஒப்புக்கொண்டேன். முழுக்க இரவில் ஏற்றினால் யூனிட் ஆறு ரூபாய்தானே? நான் ஏழு கொடுத்தால் சங்கத்துக்கு லாபம். இதில் தோற்க என்ன இருக்கிறது?

இரவு பத்து மணிக்குக் கீழே இறங்கிப் போய் சுவிட்ச் போட எனக்குச் சோம்பல். எலக்ட்ரீஷியன் தம்பி ஒரு வழி சொன்னார். இரண்டு பிளக்குக்கும் சேர்த்து ஒரு சின்ன வட்டமான டயல் டைமர். ஓரத்தில் சுற்றிலும் குட்டிக் குட்டிப் பற்கள், ஒவ்வொன்றும் கால் மணி நேரம். பத்திலிருந்து ஆறு வரைக்குமான பற்களை அழுத்திவிட்டால் அந்த நேரத்தில் மட்டும் கரண்ட் விடும். மாலையில் வந்ததும் பிளக்கைச் செருகிவிட்டு நான் பாட்டுக்கு மாடி ஏறிவிடலாம். பத்து மணிக்கு அதுவாகவே ஏறத் தொடங்கும். நாற்பது கிலோமீட்டர் ஓடிய வண்டிக்கு ஒன்றரை யூனிட். இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. நள்ளிரவுக்குப் பிறகு கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும்.

முதல் இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் மீட்டரைப் பார்த்தேன். இரவு எண் ஏறிக்கொண்டிருந்தது. பகல் எண் பூஜ்யம். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஒரு கர்வம். "பூஜ்யம்ணே, பூஜ்யம்!" என்று செயலாளரிடம் போய்ச் சொல்லிவிட்டும் வந்தேன். அடுத்த ஞாயிறுகளில் ஒன்றில் கல்யாணம், ஒன்றில் காதுகுத்து. மீட்டரை மறந்தே போனேன்.

ஐந்தாவது வாரம் ஒரு ஞாயிறு காலை பத்து மணிக்குப் போய்ப் பட்டனை அழுத்தினேன். இரவு இருபது. பகல் இருபத்தாறு.

மறுபடி அழுத்தினேன். இருபத்தாறுதான். பகலில் நான் வண்டியோடு சமயநல்லூரில் இருக்கிறேன். அப்படியானால் என் பிளக்கில் யாரோ கை வைத்திருக்கிறார்கள்! நாலாபுறமும் பார்த்தேன். செயலாளரின் மனைவி பார்க்கிங் நிழலில் மோட்டார் வைத்த தையல் மிஷினில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தார். காற்றுக்காக அவர் அங்கே உட்காருவது வழக்கம். மிஷினிலிருந்து ஒரு ஒயர் நீண்டு தூணுக்குப் பின்னால் போனது. எனக்கு முன்கோபம் உண்டு. யோசிக்காமல் போய் நின்றேன்.

"அக்கா, ஒங்களுக்கு வேற பிளக்கே கெடைக்கலையா?"

அவர் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்தார். அந்த ஒயரைப் பிடித்து இழுத்துக்கொண்டே நடந்து, அது தூணைச் சுற்றி அவர் வீட்டு ஜன்னலுக்குள் போவதைக் காட்டினார்.

"எம்புட்டு ஏறியிருக்கு?"

"இருபத்தாறு யூனிட்டு."

"இந்தத் தம்மாத்துண்டு மோட்டாரு இருபத்தாறு யூனிட்டு இழுக்கணும்னா திருநகரு முழுசுக்கும் நான் ஜாக்கெட்டு தச்சிருக்கணும். ஆபீஸ்ல கணக்கெழுதுற பொம்பள, வந்து கேக்குறா பாரு கேள்வி."

மானம் போய்விட்டது. தலையைக் குனிந்தபடி டைமர் பெட்டியைத் திறந்தேன், வேறு எங்கே பார்ப்பது என்று தெரியாமல்தான். டயல் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் அம்புக்குறிக்கு நேராக இரண்டு என்ற எண். காலை பத்து மணிக்கு என் டைமர் அதிகாலை இரண்டு என்று நினைத்துக்கொண்டிருந்தது! எட்டு மணி நேரம் பின்தங்கி!

அந்த இடத்திலிருந்தே எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, அது கரண்ட்ல ஓடுற டயலுக்கா. கரண்ட் நின்னா அதுவும் நின்னுரும். திரும்ப வந்தா விட்ட எடத்துலருந்து ஓடும். மாசாந்திரப் பராமரிப்புக்கு கரண்ட் கட் பண்ணுனாய்ங்கள்ல, அன்னைக்கு நீங்க கையால திருப்பி வச்சிருக்கணும்."

"இத நீ அன்னைக்கே சொல்லலையேப்பா!"

"பேட்டரி வச்ச டைமரு வெல கூடன்னு நீங்கதானக்கா இத மாட்டச் சொன்னீங்க."

பராமரிப்பு நாளன்று காலை ஒன்பதுக்குப் போன கரண்ட் மாலை ஐந்துக்கு வந்திருக்கிறது. நான் வீடு வந்தபோது விளக்கு எரிந்ததால் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. மீட்டருக்குள் தனியாகப் பேட்டரி இருப்பதால் அதன் கடிகாரம் நிற்காமல் ஓடியிருக்கிறது. டைமர் மட்டும் எட்டு மணி நேரம் தூங்கி எழுந்திருக்கிறது. அதன் கணக்கில் இரவு பத்து அடிக்கும்போது ஊருக்குக் காலை ஆறு. அதாவது மலிவு விலை முடிகிற அதே நிமிடம் என் வண்டி கரண்ட் குடிக்க ஆரம்பித்திருக்கிறது! எட்டு மணிக்கு நான் கிளம்புவதற்குள் இரண்டு மணி நேரத்தில் கிட்டத்தட்ட முழுதும் ஏறிவிடும். திரையில் நூறுக்குப் பதில் தொண்ணூற்றாறு தெரிந்ததைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் மூன்று வாரம் ஜாலியாக ஓட்டியிருக்கிறேன்.

செயலாளரின் மனைவி எனக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். டயலைச் சரியான மணிக்குத் திருப்பி வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்தேன். "தப்பா பேசிட்டேங்க்கா. மன்னிச்சிருங்க."

"அதெல்லாம் கெடக்கட்டும். இப்ப ஒன் வண்டி தப்பிக்குமா, தப்பிக்காதா?"

அதுதானே கேள்வி. அன்று மதியம் சாப்பாட்டை வைத்துக்கொண்டே கணக்குப் போட்டேன். ஒவ்வொரு பகல் யூனிட்டிலும் சங்கத்துக்கு இரண்டு ரூபாய் நஷ்டம். ஒவ்வொரு இரவு யூனிட்டிலும் ஒரு ரூபாய் லாபம். ஆக ஒரு பகல் யூனிட்டைச் சரிக்கட்ட இரண்டு இரவு யூனிட் ஓட வேண்டும். பகல் இருபத்தாறு. இரவு ஐம்பத்திரண்டு வந்தால் தப்பித்தேன். இன்னும் முப்பத்திரண்டு யூனிட், கையில் இருப்பது மூன்று வாரம். வழக்கம்போல வேலைக்குப் போய் வந்தால் இருபத்தேழுதான் ஓடும். ஐந்து குறைகிறது.

சட்டென்று எழுந்துவிட்டேன். ஐந்து யூனிட் குறைகிறதென்றால் ஐந்து யூனிட் கூடுதலாக ஓட்டினால் போச்சு!

என் வீட்டுக்காரர் அப்பளத்தை நொறுக்கியபடி என்னைப் பார்த்தார். "இரு, இரு. பில்லு கூடிப் போச்சுன்னு, இன்னும் கொஞ்சம் பில்லக் கூட்டப் போறியா?"

"பில்லு கூடும்ங்க. ஆனா சராசரி கொறையும்."

"காசக் கொறைக்கிறதுக்கு ஊரச் சுத்துற ஒரே ஆளு நீதான்டி."

அவர் சிரித்தது நியாயம்தான். ஆனால் எனக்கு உள்ளே ஏதோ பற்றிக்கொண்டது. மறுபடி அந்த இரண்டு பஸ்ஸா? முடியாது. ஆபீசில் சார்ஜ் போட அனுமதி இல்லை. பைபாஸ் ரோட்டோரச் சார்ஜரில் தினமும் போய் நிற்க நேரமும் இல்லை, பணமும் இல்லை. கீழே அந்தப் பாயிண்ட் போனால் வண்டியை விற்க வேண்டியதுதான்.

அன்று சாயங்காலமே செயலாளரின் மனைவியிடம் போய், "அக்கா, வாங்க, திருப்பரங்குன்றம் கோயிலுக்குப் போயிட்டு வருவோம்" என்றேன். மன்னிப்புக்கு மன்னிப்பும் ஆச்சு, கிலோமீட்டருக்குக் கிலோமீட்டரும் ஆச்சு. அவர் முதலில் என் தோளை நகம் பதியப் பிடித்துக்கொண்டார். திரும்பி வரும்போது கையை எடுத்துவிட்டுக் காற்றில் முந்தானையைப் பறக்கவிட்டார். மறுநாள் அவரே மாடி ஏறி வந்து நின்றார். "இன்னைக்கு எம்புட்டு யூனிட்டு வேணும்?"

அதற்குப் பிறகு நாங்கள் சுற்றிய சுற்று இருக்கிறதே! நூல்கண்டு வாங்க டவுன் ஹால் ரோட்டுக்கு. லைனிங் துணி மாற்ற மறுபடி அதே கடைக்கு. ஒரு ஞாயிறு அலங்காநல்லூரில் அவருடைய தம்பி வீட்டுக்கே போய்க் கறிக்குழம்பு சாப்பிட்டு வந்தோம். அந்தத் தம்பியும் மின்சார ஸ்கூட்டர்தான் வைத்திருந்தார், காய்கறி மூட்டை ஏற்றி ஏற்றி இருக்கையே கிழிந்த வண்டி. மாலை நேரங்களில் காலி மனையில் அக்காவுக்கு ஓட்டவும் பழக்கிவிட்டேன். ஐம்பத்தெட்டு வயதில் அவர் எட்டு போட்டதைப் பார்த்து நான் கைதட்டியே கை சிவந்துவிட்டது. ஒவ்வொரு காலையும் நாங்கள் இருவரும் மீட்டர் முன்னால் நின்று பட்டனை அழுத்துவோம். இரவு எண் ஒன்று ஏறினால் கிரிக்கெட்டில் சிக்ஸர் போனது மாதிரி ஒரு கத்தல்.

நடுவில் மூன்று நாள் காய்ச்சல் வந்து என்னைப் படுக்க வைத்தது. நாலரை யூனிட் போச்சு. எழுந்து பார்த்தால் மறுநாள் மாதாந்திர மின்தடை! இந்த முறை நான் ஏமாறவில்லை. கரண்ட் வந்ததும் கீழே அக்கா தயாராக நின்றார். நான் ஆபீசிலிருந்து போனில் மணி சொல்ல, அவர் டயலைத் திருப்பி வைத்தார்.

மீட்டர் ரீடிங் எடுக்க வருவதற்கு முந்தைய நாள் காலை. இரவு நாற்பத்தெட்டு. பகல் அதே இருபத்தாறு. ஒரே ஒரு இரவு பாக்கி. அன்று ஆபீஸ் போய் வந்து, அதோடு நிற்காமல் மறுபடி சமயநல்லூர் வரை வெறுமனே போய்த் திரும்பினேன். வீட்டு வாசலில் பேட்டரி ஐந்து சதவீதம். வண்டி ஊர்ந்துதான் உள்ளே வந்தது. என்னால் அதற்கு மேல் காலி செய்ய முடியாது. அப்படிக் காலியான வண்டிக்கு ராத்திரி முழுக்க ஏற்றினாலும் மூன்று யூனிட்டுக்கு மேல் பிடிக்காது. நாற்பத்தெட்டும் மூன்றும் ஐம்பத்தொன்று. ஒரு யூனிட் குறைகிறது. ஒரே ஒரு யூனிட்!

என் வீட்டுக்காரர் அதுவரை கேலி செய்தவர், அன்று அவரும் என்னோடு பார்க்கிங்கில் நின்றார். "இன்னொரு பிளக்கு சும்மாதான கெடக்கு. பத்து மணிக்கு அயர்ன் பாக்ஸ மாட்டி வச்சுருவோம். யாருக்குத் தெரியும்?"

ஆசையாகத்தான் இருந்தது. பொய் சொல்லவில்லை. ஆனால் அது வண்டிகளுக்கு என்று எழுதிக் கொடுத்து வாங்கிய இணைப்பு. தையல் மிஷினைச் செருகினாயா என்று ஒரு பெண்ணை நடு பார்க்கிங்கில் நிற்க வைத்துக் கேட்ட நான், இப்போது அயர்ன் பாக்ஸைச் செருகுவதா? "வேணாங்க" என்றேன். தூணருகே நின்ற அக்கா அதைக் கேட்டார். போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். எனக்கு அதுவும் வருத்தமாக இருந்தது.

மாடிக்கு வந்து படுத்தவள் எப்போது தூங்கினேன் என்று தெரியாது. காலை ஆறு அடித்ததும் கீழே ஓடினேன். என் வண்டிக்குப் பக்கத்தில், காலியாக இருந்த இரண்டாவது பிளக்கில், இன்னொரு ஸ்கூட்டர் நின்றது. கிழிந்த இருக்கை. முன்னால் கீரைக்கட்டு வைத்த அடையாளம்.

மீட்டர் பட்டனை அழுத்த எனக்குத் தைரியம் வரவில்லை. பின்னாலிருந்து ஒரு கை நீண்டு அழுத்தியது. அக்காதான்.

ஐம்பத்து மூன்று.

நான் அவரைக் கட்டிக்கொண்டு குதித்த குதியில் தரைத்தளத்து விளக்குகள் எல்லாம் எரிந்தன.

ரீடிங் எடுப்பவர் ஒன்பதரை மணிக்கு வந்தார். ஆபீசுக்குத் தாமதமாக வருவேன் என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். இரவு ஐம்பத்து மூன்று, பகல் இருபத்தாறு என்று அவர் சொல்ல, செயலாளர் டிப்போ காலத்துப் பழக்கத்தில் காகிதத்தில் பேனாவால் பெருக்கினார். ஐம்பத்து மூன்றை ஆறால்: முந்நூற்றுப் பதினெட்டு. இருபத்தாறை ஒன்பதால்: இருநூற்று முப்பத்து நான்கு. இரண்டும் சேர்ந்து ஐந்நூற்று ஐம்பத்திரண்டு. நான் தர வேண்டியது எழுபத்தொன்பதை ஏழால்: ஐந்நூற்று ஐம்பத்து மூன்று.

"ஒத்த ரூபா மிச்சம்" என்றார், நம்பாத குரலில். அப்புறம்தான் கிழிந்த இருக்கையைக் கவனித்தார். "இது யாரு வண்டி?"

"எந்தம்பி வண்டி" என்றார் அக்கா. "நேத்து அலங்காநல்லூர்லருந்து வரச் சொன்னேன். பேட்டரி பாதிக்கு மேல காலியா வந்தான். சார்ஜ் போட்டான். வண்டிக்குத்தான போடணும்னு எழுதிக் குடுத்துருக்கு? வண்டிதான நிக்குது? அந்த யூனிட்டுக்கும் இவதான ஏழு ரூபா குடுக்குறா?"

செயலாளர் வாயைத் திறந்தார். அக்கா விடவில்லை.

"அந்தப் பாயிண்ட நீங்க பிடுங்கிட்டா, அடுத்த மாசம் நான் வாங்கப் போற வண்டிய எங்க கொண்டு போயி சார்ஜ் போடுறதாம்?"

அக்கா வண்டி ஓட்டப் பழகிய விஷயமே அதுவரை செயலாளருக்குத் தெரியாது. அந்த மனிதர் மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பாயிண்டைப் பற்றி அன்றைக்குப் பிறகு அவர் பேசவில்லை.

அடுத்த மாத மின்தடை நாள். மாலை சரியாக ஐந்து மணிக்கு ஆபீசில் என் போன் அடித்தது. செயலாளர். எனக்குப் பக்கென்றது. டயலைத் திருப்ப நான் இன்னும் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

"ஏம்மா, கரண்ட் வந்துருச்சு. டயல அஞ்சுல திருப்பி வச்சுட்டேன். நீ பதறாம வா."

"ரொம்ப நன்றிண்ணே."

"ஒனக்காக இல்லம்மா" என்றார். "எங்க வீட்டு வண்டியும் நிக்குதுல்ல."